பச்சையும் சிவப்பும் பிரியும் இடம்

தாம்பரத்திலிருந்து கோயம்பேட்டுக்குக் கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் அக்கா மகன், பதினோராம் வகுப்பு படிக்கிறான். கத்திப்பாரா வழியாக நூறடி சாலையில் போகலாம், மதுரவாயல் பைபாஸ் வழியாகவும் போகலாம். போனைக் கொடுத்து, "எந்த வழியில ட்ராஃபிக் கம்மியா இருக்குன்னு பாரு" என்றேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மாமா."

சிக்னலில் வண்டி நின்றபோது வாங்கிப் பார்த்தேன். கத்திப்பாரா வழி நெடுக ஆரஞ்சு, நடுநடுவே சிவப்பு. பைபாஸ் முழுக்கப் பச்சை. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு அந்தக் கோடுகள் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

அந்த வாரமே கண் மருத்துவரிடம் போனோம். புள்ளி புள்ளியாக வட்டங்கள் அச்சிட்ட ஒரு புத்தகத்தை அவர் விரித்தார். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட அந்தச் சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. முதல் பக்கத்தில் 12. அது எல்லோருக்கும் தெரியும்படி அமைக்கப்பட்டது, அவனும் படித்தான். அடுத்த பக்கத்தில் எங்களுக்கு 8 தெரிந்தது. அவன் தயங்காமல் "3" என்றான். சிவப்பு-பச்சை பிரித்தறிவதில் குறையுள்ளவர்கள் அந்தப் பக்கத்தில் படிப்பது அந்த 3-ஐத்தான். இன்னும் சில பக்கங்கள் பார்த்துவிட்டு, பச்சைப் பக்கம் குறை என்றார் மருத்துவர். அதன் பெயர் டியூட்டரனாமலி. மருந்து கிடையாது, வயதாக ஆகக் கூடவும் கூடாது, வாழ்நாள் முழுதும் இப்படியே இருக்கும்.

அக்காவின் முதல் கேள்வி: "இவனுக்கு லைசென்ஸ் கிடைக்குமா டாக்டர்?" கிடைக்கும் என்றார் அவர். லேசான, மிதமான நிறக்குறை உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று மத்திய அரசு 2020 ஜூனில் விதியைத் திருத்தியிருக்கிறது.

வீடு திரும்பும்போது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. காய்கறி வாங்கப் போனால் பழத் தக்காளியோடு காயும் கலந்து கொண்டுவருவார். "காய் எது பழம் எதுன்னு பார்த்து வாங்கக் கூடாதா?" என்று அம்மா கடிந்துகொள்வாள். அவர் பதில் பேசமாட்டார். பார்த்துத்தான் வாங்கினார். அவர் கண் அவ்வளவுதான் பிரித்துக் காட்டியது. அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தாத்தாவிடமிருந்து பேரனுக்கு

விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒன்று நீலப் பக்கத்து ஒளிக்கு நன்றாக வேலை செய்யும். மற்ற இரண்டும் பச்சை, சிவப்புப் பக்கத்து ஒளிக்கு. இந்த இரண்டும் இயல்பிலேயே நெருங்கிய உறவு. ஒன்றின் உச்சம் சுமார் 530 நானோமீட்டர் அலைநீளத்தில், மற்றதன் உச்சம் சுமார் 560-இல். இரண்டும் அனுப்பும் செய்திகளுக்கு நடுவே உள்ள சிறிய வேறுபாட்டை வைத்துத்தான் மூளை 'இது பச்சை, இது சிவப்பு' என்று முடிவு செய்கிறது.

அக்கா மகனுக்குப் பச்சைக் கூம்பின் நிறமி சிவப்புக் கூம்பின் பக்கம் நகர்ந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே செய்தியை அனுப்புகின்றன. ஆகவே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கிவிடுகின்றன. நீலக் கூம்பில் குறையே இல்லை. நீலத்தையும் மஞ்சளையும் நாம் பிரிப்பது போலவே அவனும் பிரிப்பான். வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

சிவப்பு, பச்சைக் கூம்புகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அப்பாவின் எக்ஸ் எனக்கு வராது. அதனால் நான் தப்பித்தேன். அக்காவுக்கு அப்பாவின் எக்ஸ் வந்தது. அம்மாவிடமிருந்து வந்த நல்ல எக்ஸ் இன்னொன்று இருந்ததால் அவளுக்குக் குறை தெரியவில்லை. அவள் மகனுக்கு அந்த இரண்டில் எது போகும் என்பது பாதிக்குப் பாதி. தாத்தாவுக்கு இருந்தது மகளைத் தாண்டிப் பேரனிடம் வந்து நின்றுவிட்டது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தச் சிவப்பு-பச்சைக் குறை உண்டு. ஆசிய மக்களிடம் அதைவிடச் சற்றுக் குறைவு. பெண்களில் இருநூற்றில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம்.

வடிகட்டி என்ன செய்கிறது

இன்றைய ஸ்மார்ட்போன்கள் எல்லாவற்றிலும் நிற வடிகட்டி இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம், தனியே ஆப் எதுவும் இறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் இது 2014-இல் 5.0 பதிப்போடு வந்தது. ஐபோனில் 2016-இல் iOS 10-உடன் வந்தது. ஆனால் இது என்ன செய்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இழந்த நிறத்தை இது திருப்பித் தருவதில்லை. இல்லாத கூம்பை ஒரு மென்பொருளால் முளைக்கவைக்க முடியாது. இது செய்வது இடமாற்றம்.

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகள் சேர்ந்தது. வடிகட்டி முதலில், 'இந்தக் குறை உள்ளவருக்கு இந்தப் புள்ளி எப்படித் தெரியும்?' என்று கணக்குப் போடுகிறது. உண்மையான நிறத்திலிருந்து அதைக் கழித்தால், அவருக்கு எட்டாமல் போகும் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தப் பங்கை எடுத்து, அவருக்கு நன்றாகத் தெரிகிற பக்கத்தில் சேர்த்துவிடுகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில், சிவப்பில் தொலைந்ததில் பத்தில் ஏழு பங்கை நீலத்தோடு சேர்க்கிறார்கள். இதன் பலனாக, முன்பு பச்சையோடு குழம்பிய சிவப்பு இப்போது லேசாக ஊதா கலந்து தெரியும். பச்சையில் அந்த ஊதா இருக்காது. அவன் கண்ணில் குறையில்லாத நீலக் கூம்பு இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்குக்கு ஒரு பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் டால்ட்டனுக்கு இதே குறை இருந்தது. தன் நிறக்குறையைப் பற்றி அவர் 1794-இல் மான்செஸ்டரில் உரை நிகழ்த்தினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் இப்படித் தெரிகிறது என்று அவர் நம்பினார். இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கவும் சொல்லியிருந்தார். 1844-இல் பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்தபோது, அவருக்குப் பச்சை நிறமி இல்லாதது தெரியவந்தது. ஆண்ட்ராய்டின் உள்ளே இந்த வசதியின் பெயர் இன்றும் `accessibility_display_daltonizer`.

ஒரு மாலைப் பொழுதில் அமைத்தது

அவன் போன் ஆண்ட்ராய்டு. Settings → Accessibility → Color and motion → Color correction என்று போனோம். சாம்சங் போனில் இது Vision enhancements என்ற பகுதிக்குள் இருக்கும். வேறு போன்களில் வழி கொஞ்சம் மாறலாம். அமைப்புகளின் மேலே உள்ள தேடலில் color என்று தட்டினால் அகப்பட்டுவிடும். உள்ளே நான்கு தேர்வுகள். Deuteranomaly பச்சைக் குறைக்கு, Protanomaly சிவப்புக் குறைக்கு, Tritanomaly நீலக் குறைக்கு. நான்காவது Grayscale, அதாவது கறுப்பு-வெள்ளை.

ஐபோனில் Settings → Accessibility → Display & Text Size → Color Filters. அங்கே பச்சைக் குறைக்கு Green/Red Filter, சிவப்புக் குறைக்கு Red/Green Filter, நீலக் குறைக்கு Blue/Yellow Filter. கீழே Intensity என்ற பட்டை இருக்கும். வடிகட்டி எவ்வளவு அழுத்தமாக வேலை செய்ய வேண்டும் என்பதை அதில் கூட்டிக் குறைக்கலாம்.

பெயரைப் பார்த்து ஒன்றைத் தட்டிவிட்டு எழுந்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. வடிகட்டியைப் போட்டவுடன் திரை மாறும். மாறியதையே 'நன்றாகிவிட்டது' என்று மனம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு சோதனை வைத்தோம். முதலில் Night Light-ஐ அணைத்தோம். அது திரையை மஞ்சளாக்கிக் கணக்கைக் கெடுக்கும். ஐபோனானால் True Tone, Night Shift இரண்டையும் அணைக்க வேண்டும். பிறகு போக்குவரத்துக் கோடுகள் தெரியும் வரைபடத்தின் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டோம். அதில் ஐந்து இடங்களை நான் தொட்டுக் காட்டுவேன். அது பச்சையா, ஆரஞ்சா, சிவப்பா என்று அவன் சொல்ல வேண்டும்.

வடிகட்டி இல்லாமல் ஐந்தில் இரண்டு சரி. அந்த இரண்டும் அடர்சிவப்பு. மற்றவற்றைவிட இருட்டாக இருந்ததால் வெளிச்ச வேறுபாட்டை வைத்துக் கண்டுபிடித்திருந்தான். அடுத்து Tritanomaly. அதே இரண்டுதான், மற்றவை இன்னும் குழப்பம். அவன் குறைக்குச் சம்பந்தமில்லாத வடிகட்டி அது. Protanomaly போட்டபோது நான்கு சரி. Deuteranomaly போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இந்தக் கோடு வேற மாமா. இதுல ஏதோ ஊதா கலந்த மாதிரி இருக்கு. இது வெறும் மஞ்சளாட்டம் இருக்கு." ஊதா கலந்தது ஆரஞ்சு, மஞ்சளாட்டம் தெரிந்தது பச்சை. ஐந்தும் சரி.

அவன் சொன்ன வார்த்தைகளைக் கவனியுங்கள். 'இப்போது பச்சை தெரிகிறது' என்று அவன் சொல்லவில்லை. 'இது வேறு, அது வேறு' என்றான். வடிகட்டியால் கிடைப்பது அதுதான். எந்த வேறுபாடு எந்த நிறத்துக்கு உரியது என்பதை அவன் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடித்தது.

மருத்துவர் சொன்ன வகைக்குரிய வடிகட்டியே பெரும்பாலும் பொருந்தும். ஆனால் குறையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். லேசான குறை உள்ளவருக்கு முழு அழுத்தத்தில் வைத்தால் படங்கள் விகாரமாகத் தெரியும். பட்டையைப் பாதிக்குக் குறைத்து, மீண்டும் ஐந்து இடங்களைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தும் சரியாக வரும் மிகக் குறைந்த அளவு எதுவோ, அதுதான் அவருக்குரிய அளவு.

அடுத்தது குறுக்குவழி. எப்போதும் வடிகட்டியைப் போட்டே வைத்திருந்தால் முகங்கள் வேறு நிறத்தில் தெரியும். முன்பு தனித்தனியாகத் தெரிந்த ரோஸ் நிறமும் ஊதாவும், இடம் மாறிவந்த சிவப்போடு நெருங்கிவிடும். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப்போய் இன்னொன்று வரும். ஆகவே தேவைப்படும்போது போட்டு, முடிந்ததும் எடுப்பதே நல்லது. ஆண்ட்ராய்டில் Color correction shortcut-ஐ இயக்கினால், இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்து வடிகட்டியைப் போடலாம், எடுக்கலாம். ஐபோனில் Accessibility Shortcut-இல் Color Filters-ஐத் தேர்ந்தெடுத்தால், பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் போதும்.

கேமராவை ஏந்தினால்

வடிகட்டி திரைக்குள்தான் வேலை செய்யும். கையில் இருக்கும் தக்காளிக்கு அதைப் போட முடியாது. ஆனால் கேமராவைத் திறந்தால், எதிரில் இருப்பது திரைக்குள் வந்துவிடுகிறதே! படம் எடுக்கவே வேண்டாம். வடிகட்டியைப் போட்டு, கேமராவைத் திறந்து, பொருளுக்கு நேரே பிடித்தால் போதும். இதை அவனே கண்டுபிடித்தான். மறுநாள் காய்கறிக் கடையில் தக்காளிக் கூடைக்கு மேலே போனைப் பிடித்தபடி பழமாகவே பொறுக்கிப் போட்டான். அக்கா கையிலிருந்த பையோடு அப்படியே நின்று பார்த்தாளாம்.

இதற்கும் எல்லை உண்டு. மஞ்சள் பல்பின் கீழ் கேமரா நிறத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி. எடுத்த படத்தில் வடிகட்டியின் நிறம் பதியாது. ஸ்கிரீன்ஷாட்டிலும் பதியாது. இன்னொருவருக்கு அனுப்பினால் அவர் அசல் நிறத்தையே பார்ப்பார். 'எனக்கு எப்படித் தெரிகிறது பார்' என்று காட்ட வேண்டுமானால், இன்னொரு போனால் இந்தத் திரையைப் படம் எடுக்க வேண்டும்.

ஒரு வேலைக்கு மட்டும் இந்த வழியை நம்பவே கூடாது. நம் ஊர் வீடுகளின் மின்கம்பிகளில் பழைய வழக்கப்படி சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இந்தக் குறை உள்ளவருக்குக் குழம்பும் இரண்டு நிறங்கள்தான் அங்கே உயிருக்கு ஆபத்தான கம்பியையும் பாதுகாப்புக் கம்பியையும் அடையாளம் காட்டுகின்றன. கேமராவில் பார்த்து ஒரு கம்பியைத் தொடக் கூடாது. டெஸ்டரால் சோதிக்க வேண்டும், அல்லது இன்னொரு ஆளைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

போனிலேயே இஷிஹாரா படங்களைப் பார்த்துச் சோதிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வடிகட்டியோடு பார்த்தால் 3 என்று படித்தவர் 8 என்று படிக்கக்கூடும். பார்வை குணமானதாக அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. திரைக்குத் திரை நிறம் மாறுவதால், வடிகட்டி இல்லாமல் போனில் பார்ப்பதும் ஒரு ஊகம்தான். அச்சிட்ட புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சோதனை.

கறுப்பு-வெள்ளை வேறு சங்கதி

அதே பட்டியலில் நான்காவதாக இருப்பதால் Grayscale-உம் நிறக்குறைக்கான உதவி என்று சிலர் அதைப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது எதிர்த்திசையில் போகிறது. மற்ற மூன்றும் வேறுபாட்டை இடம் மாற்றுகின்றன. இது நிற வேறுபாட்டை முழுவதும் எடுத்துவிட்டு, வெளிச்ச வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். நிறத்தைச் சாம்பலாக்கும்போது மூன்று விளக்குகளுக்கும் சம பங்கு கிடையாது. நம் கண் வெளிச்சத்தை உணரும் விகிதப்படி, பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்று கொள்வது வழக்கம். திரையின் அளவுகோலில் ஒவ்வொரு விளக்கும் 0 முதல் 255 வரை எரியும். சிவப்பை 255 அளவு எரியவிட்டால் ஒரு நடுத்தரச் சாம்பல் கிடைக்கும். பச்சையைச் சுமார் 148 அளவு எரியவிட்டாலும் அதே சாம்பல்தான். பளிச்சென்ற சிவப்புப் பொத்தானும் இலைப்பச்சைப் பொத்தானும் கறுப்பு-வெள்ளையில் ஒன்றாகிவிடும். குறையே இல்லாத கண்ணுக்கும் அப்போது பிரியாது. வாட்ஸப்பில் செய்தியைப் படித்துவிட்டார் என்று காட்டும் நீல டிக்கும், சேர்ந்துவிட்டது என்று மட்டும் காட்டும் சாம்பல் டிக்கும் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறத்தை வைத்து முடிவெடுக்கும் நேரத்தில் கறுப்பு-வெள்ளை கூடாது.

அப்படியானால் அது யாருக்கு? போனை விட்டு எழ முடியாதவர்களுக்கு. சிவப்பு வட்டத்தில் எண் காட்டும் ஆப்களும் மின்னும் படங்களும் சாம்பலாகிவிட்டால் ஈர்ப்புக் குறைகிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், திரையைக் கறுப்பு-வெள்ளையாக்கியவர்களின் போன் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 38 நிமிடம் குறைந்தது. ஆண்ட்ராய்டின் Bedtime mode-இல் தூங்கும் நேரம் வந்ததும் திரை தானாகச் சாம்பலாகும்படி வைக்கலாம்.

கண் கூசுகிறது என்பதற்காக இதைப் போடுபவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும். வெள்ளைப் பக்கம் கறுப்பு-வெள்ளையிலும் அதே வெள்ளைதான், அதே வெளிச்சம்தான். கூச்சத்துக்கு வேறு அமைப்புகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் Extra dim, ஐபோனில் Reduce White Point ஆகிய இரண்டும் வெளிச்சத்தையே குறைப்பவை. மஞ்சள் சாயல் இதமாக இருக்கும் என்பவர்களுக்கு Night Light உண்டு, ஐபோனில் Color Tint உண்டு. எது இதம் என்பதை அவரவர் கண்தான் சொல்ல வேண்டும்.

இதைத் தெரியாமல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் எதிர்வீட்டு அம்மாவின் போன் ஒருநாள் திடீரென்று கறுப்பு-வெள்ளையாகிவிட்டது. கடையில் காட்டினால் டிஸ்பிளே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, பணம் கட்டும் முன் என்னிடம் வந்தார். பேரக்குழந்தை போனை நோண்டியதில் Grayscale இயங்கியிருந்தது. பழுதான டிஸ்பிளேயில் கோடு விழும், திட்டாக இருட்டும், ஒரு பக்கம் நிறம் மாறும். முழுத் திரையும் சீராக, துல்லியமாகச் சாம்பலானால் முதலில் அமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: Color correction, Bedtime mode, Developer options-இல் Simulate color space. இரவில் மட்டும் சாம்பலாகிக் காலையில் நிறம் திரும்பினால், அது Bedtime mode-இன் வேலை.

வடிகட்டி போடக் கூடாத நேரம்

பிறவியில் வரும் நிறக்குறைக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருக்கும். வருடக் கணக்கில் மாறாது. நேற்றுவரை சரியாகத் தெரிந்த சிவப்பு இன்று வெளிறித் தெரிகிறது, அல்லது ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நிறம் மாறுகிறது என்றால் அது வேறு. கண் நரம்பிலோ விழித்திரையிலோ புதிதாக ஏதோ நடக்கிறது. அப்போது வடிகட்டி போட்டுச் சமாளிக்கக் கூடாது. உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காசநோய்க்குத் தரும் மருந்துகளில் எத்தாம்பியூட்டால் ஒன்று. சிலருக்கு அது கண் நரம்பைப் பாதிக்கும். அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று, சிவப்பும் பச்சையும் மங்கிக் குழம்புவது. சீக்கிரம் கண்டுபிடித்து மருத்துவர் அந்த மருந்தை நிறுத்தினால் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு. தாமதித்தால் இழப்பு நிரந்தரமாகலாம். அந்த மருந்தைச் சாப்பிடுபவர்கள் வாரத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, ஏதாவது ஒரு சிவப்புப் பொருளைப் பார்ப்பது நல்லது. மாற்றம் தெரிந்தால் தாமாக மருந்தை நிறுத்தாமல், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அக்கா மகன் இப்போது வரைபடம் பார்க்கும்போது இரண்டு வால்யூம் பொத்தானையும் அழுத்துகிறான், வழி சொல்கிறான், மறுபடி அழுத்தி எடுத்துவிடுகிறான். பதினாறு வயதில் அவனுக்குத் தெரிந்தது, எழுபது வயதுவரை அப்பாவுக்குத் தெரியாமலே போனது. உங்கள் வீட்டில் அம்மாவழித் தாத்தாவோ தாய்மாமனோ நிறத்தில் தடுமாறியவராக இருந்தால், வீட்டுப் பையனை அடுத்த முறை கண் மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது இஷிஹாரா புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.